டிஸ்கஸ் அபவுட், என்டர் இன்டு, ரீச் டு, மேரி வித்: பிழை கண்டறியும் கேள்விகளில் வேண்டாத ப்ரெபோசிஷன் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

“டிஸ்கஸ் அபவுட்” என்று ஆபீஸில் எல்லோரும்தானே சொல்கிறார்கள், அது எப்படித் தப்பாகும்?

பேச்சில் யாருக்கும் புரியாமல் போகாது. இந்தியா முழுக்கவே மீட்டிங்கிலும் மின்னஞ்சலிலும் அப்படித்தான் புழங்குகிறது. ஆனால் எஸ்.எஸ்.சி., வங்கித் தேர்வு போன்றவற்றில் கேள்வி எழுதுபவர் கையில் வைத்திருப்பது அகராதி வழக்கு. அந்த வழக்கில் டிஸ்கஸ் என்ற வினைச்சொல் தன் செயப்படுபொருளை நேரடியாகவே எடுத்துக்கொள்ளும். நடுவில் ஆள் தேவையில்லை.

காரணம் அந்தச் சொல்லின் பொருளிலேயே இருக்கிறது. டாக் என்றால் வெறுமனே பேசுவது. எதைப் பற்றி என்று சொல்ல வேண்டுமானால் அபவுட் சேர்த்தாக வேண்டும். டிஸ்கஸ் என்றால் ஒன்றைப் பற்றிப் பேசுவது. “பற்றி” ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. அதன் பின்னால் இன்னொரு அபவுட் போட்டால் “அதைப் பற்றிப் பற்றிப் பேசினோம்” என்று சொன்ன மாதிரி ஆகிவிடும்.

மற்ற மூன்றும் இதே கதைதான். என்டர் என்றால் கோ இன்டு. அந்தச் சொல் லத்தீனில் “உள்ளே” என்று பொருள்படும் வேரிலிருந்து வந்தது. ரீச் என்றால் அரைவ் அட், அல்லது கெட் டு. மேரி என்றால் கெட் மேரிட் டு. இப்படி ஜோடி ஜோடியாக மனதில் வைத்துக்கொண்டால், நீளமான ஜோடியில்தான் ப்ரெபோசிஷன் வெளியே தெரியும், ஒற்றைச் சொல்லில் அது உள்ளே அடங்கியிருக்கும் என்பது தானாகப் பிடிபடும். பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட இந்த ஜோடிகள் அதிக நாள் நிற்கும் என்பது என் அனுபவம்.

நமக்கு மட்டும் ஏன் இது தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது?

தமிழ் வேற்றுமை உருபுகளை மனம் அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகிறது. “சம்பளத்தைப் பற்றி விவாதித்தோம்” என்று யோசிக்கிறோம், பற்றி அபவுட் ஆகிறது. “அறைக்குள் நுழைந்தான்” என்று யோசிக்கிறோம், உள் இன்டு ஆகிறது. “சென்னைக்கு வந்து சேர்ந்தோம்” என்பதில் இருக்கும் கு, டு ஆகிறது. “உங்களுக்காகக் காத்திருக்கிறேன்” என்பதில் இருக்கும் ஆக, அவெய்ட் பக்கத்தில் ஒரு ஃபாரைக் கொண்டுவந்து நிறுத்துகிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தமிழுக்கே உருபு இல்லாமல் சொல்லும் வழக்கம் இருக்கிறது, நாம் தினமும் அதைப் பேசுகிறோம். செய்தித்தாளில் “வீடு புகுந்து திருட்டு” என்று வரும். வீட்டுக்குள் என்று உள் சேர்த்துத்தான் எழுத வேண்டும் என்பதில்லை. “கரை சேர்ந்தான்”, “பத்து மணிக்கு வீடு வந்து சேர்ந்தேன்” என்கிறோம். கரைக்கு, வீட்டுக்கு என்று சொல்லவேண்டிய கட்டாயம் அங்கே இல்லை. என்டர், ரீச் இரண்டும் ஆங்கிலத்தில் நடந்துகொள்வது கிட்டத்தட்ட இப்படித்தான். வீடு புகு என்பது என்டர், கரை சேர் என்பது ரீச். மாணவர்களிடம் இந்த இரண்டைச் சொன்ன பிறகு இந்த இரண்டு வினைச்சொற்களிலும் பிழை வெகுவாகக் குறைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

மேரி மட்டும் கொஞ்சம் வேறு. தமிழில் “அவளை மணந்தான்”, “அவளைக் கல்யாணம் பண்ணிக்கொண்டான்” என்றுதான் சொல்கிறோம். அதை அப்படியே மாற்றினால் ஆங்கிலமும் சரியாக வந்துவிடும். ஆனால் “அவளோடு கல்யாணம் ஆயிற்று” என்ற இன்னொரு வாக்கியமும் நம் வாயில் இருக்கிறது. அந்த ஓடுதான் வித் ஆக மாறி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அப்படியானால் தமிழில் “ஐ” உருபு போட்டுப் பார்த்து, பொருந்தினால் ப்ரெபோசிஷன் வேண்டாம் என்று முடிவு செய்யலாமா?

பாதி தூரம்தான் அது உதவும். “திட்டத்தை விவாதித்தார்கள்”, “சென்னையை அடைந்தார்கள்”, “அவரை மணந்தாள்” என்று எழுத்துத் தமிழில் ஐ பொருந்துகிறது, ஆங்கிலத்திலும் ப்ரெபோசிஷன் இல்லை. நல்லதுதான்.

ஆனால் “படத்தைப் பார்” என்பதிலும் ஐ இருக்கிறது. லுக் என்ற சொல்லுக்கோ அட் இல்லாமல் முடியாது. “பாட்டைக் கேள்” என்பதிலும் ஐ இருக்கிறது, லிசனுக்கு டு வேண்டும். மறுபக்கம், “அறையை நுழைந்தான்” என்று தமிழில் யாரும் சொல்வதில்லை, ஆனாலும் என்டருக்கு எதுவும் வேண்டாம். ஆகவே ஐ பொருந்துவதைச் சந்தேகத்தைத் தொடங்கிவைக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். விடையை முடிவு செய்வது அந்த ஆங்கில வினைச்சொல்லின் ஜோடிதான்.

தேர்வு அறையில் எந்த வரிசையில் பார்ப்பது? ஒரு கேள்வியை வைத்துக் காட்டுங்களேன்.

சரி, கணினித் திரையில் வருகிற மாதிரியே ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

```
(A) The new tenants entered into the flat
(B) and discussed the rent
(C) with the owner.
(D) No error
```

முதலில் எழுவாய்க்கும் வினைக்கும் ஒருமை பன்மை பொருந்துகிறதா, காலம் சரியா என்று பார்த்துவிடுங்கள். இங்கே இரண்டும் சரி. அப்புறம் வினைச்சொற்களை மட்டும் பொறுக்குங்கள். என்டர் ஒன்று, டிஸ்கஸ் ஒன்று. இரண்டுமே நம் சந்தேகப் பட்டியலில் இருப்பவை. கேள்வி எழுதியவர் வேண்டுமென்றே இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்திருக்கிறார்.

ஒவ்வொன்றின் பக்கத்திலும் “எதை?” என்று கேளுங்கள். டிஸ்கஸ் செய்தது எதை? வாடகையை. டிஸ்கஸுக்கும் வாடகைக்கும் நடுவில் ஒன்றும் இல்லை, சரியாக இருக்கிறது. அடுத்த பகுதியில் ஒரு வித் இருக்கிறது. அவசரத்தில் பலர் இதைத்தான் குறிப்பார்கள், “டிஸ்கஸ் பக்கத்தில் ப்ரெபோசிஷன் வரக் கூடாது” என்று படித்திருப்பார்கள் அல்லவா? இந்த வித் வாடகையைக் காட்டவில்லை, யாரோடு பேசினார்கள் என்று ஆளைக் காட்டுகிறது. விஷயத்துக்கு முன்னால்தான் எதுவும் கூடாது. ஆளுக்கு முன்னால் வித் வந்தே ஆக வேண்டும்.

இனி என்டர். நுழைந்தது எதற்குள்? ஃபிளாட்டுக்குள். அது சுவரும் கதவும் உள்ள இடம், காலால் நடந்து உள்ளே போகக்கூடியது. எனவே இன்டு மிகை. விடை A.

இதே வாக்கியத்தில் ஃபிளாட்டை எடுத்துவிட்டு ஒப்பந்தம் என்ற சொல்லை வைத்தால் விடை தலைகீழாக மாறிவிடும். அது அடுத்த கேள்வி.

என்டர் இன்டு சரி என்றும் ஒரு புத்தகத்தில் படித்தேன். எதை நம்புவது?

இரண்டையும் நம்பலாம். பின்னால் வருவது என்ன பொருள் என்பதைப் பார்க்க வேண்டும். அறை, வீடு, ஊர், நாடு, மைதானம் என்று இடமாக இருந்தால் என்டர் மட்டும். ஒப்பந்தம், கான்ட்ராக்ட், பேச்சுவார்த்தை, கூட்டாண்மை என்று இரு தரப்பு சேர்ந்து தொடங்கும் காரியமாக இருந்தால் என்டர் இன்டு. அங்கே பொருள் நுழைவது இல்லை, ஈடுபடத் தொடங்குவது. நாமும் “ஒப்பந்தத்தில் இறங்கினார்கள்”, “பேச்சில் இறங்கினார்கள்” என்கிறோமே, அந்த இறங்குதல்தான் இது.

தேர்வில் இரண்டு பக்கமிருந்தும் அடிப்பார்கள். இடத்துக்கு இன்டு போட்டு ஒரு கேள்வி வரும், ஒப்பந்தத்துக்கு இன்டுவை எடுத்துவிட்டு இன்னொன்று வரும். “இரு நாடுகளும் ஒப்பந்தத்தில் இறங்கின” என்ற பொருளில் இன்டு இல்லாமல் வாக்கியம் இருந்தால் அதுவே பிழை. ஆகவே இன்டுவைக் கண்டதும் கையை வைக்காமல், அதற்கு அடுத்த பெயர்ச்சொல் வரை படித்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

மேரி வித் தப்பு, மேரி டு தப்பு, ஆனால் மேரிட் டு சரி என்கிறார்கள். தலை சுற்றுகிறது.

இதில் மூன்று வாக்கிய அமைப்புகள் கலந்து கிடக்கின்றன. பிரித்துவிட்டால் தெளிந்துவிடும்.

முதலாவது, ஒருவர் இன்னொருவரை மணந்தார் என்ற நிகழ்ச்சி. “ஷி மேரிட் எ லாயர்.” செய்தவரும் இருக்கிறார், செய்யப்பட்டவரும் இருக்கிறார். நடுவில் டுவும் வேண்டாம், வித்தும் வேண்டாம்.

இரண்டாவது, திருமணமாகி இருக்கிற நிலை. “ஷி இஸ் மேரிட் டு எ லாயர்.” இங்கே மேரிட் என்பது வினை இல்லை, அவள் எப்படி இருக்கிறாள் என்று சொல்லும் சொல். இஸ், வாஸ், ஹேஸ் பீன், காட், கெட் இவற்றில் ஒன்று முன்னால் நிற்கும். அப்போது டு வேண்டும். கணவன் அல்லது மனைவியைக் குறிக்கும் சொல்லுக்கு முன்னால் வித் எப்போதும் தப்பு. இந்த வகையைத்தான் தேர்வில் அதிகம் தவறவிடுகிறார்கள், ஏனென்றால் இங்கே திருத்தம் நீக்குவது அல்ல, மாற்றுவது. இதைப் பாருங்கள்:

```
(A) My cousin has been married
(B) with an engineer
(C) for twelve years.
(D) No error
```

பிழை B. ஆனால் வித்தை வெறுமனே அழித்துவிட்டால் வாக்கியம் இன்னும் கெட்டுப்போகும். டு வர வேண்டும். பிழையைக் காட்டினால் போதும் என்ற கேள்வியில் இதனால் நஷ்டம் இல்லை. ஆனால் வாக்கியத்தைத் திருத்தச் சொல்லும் கேள்வியில், ப்ரெபோசிஷன் இல்லாத விடையையும் டு உள்ள விடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பார்கள்.

மூன்றாவது அபூர்வம். தந்தை தன் மகளை ஒருவருக்குக் கட்டிவைத்தார் என்ற பொருளில் “ஹி மேரிட் ஹிஸ் டாட்டர் டு எ டாக்டர்” என்று வரும். மகளுக்கு முன்னால் எதுவும் இல்லை, மாப்பிள்ளைக்கு முன்னால் டு. “மகளை டாக்டருக்குக் கட்டிக்கொடுத்தார்” என்ற நம் வாக்கியத்தில் ஐயும் குவும் நிற்கும் அதே இடங்கள்தான். இது பிழை இல்லாத வாக்கியம்.

ரீச்சுக்குப் பிறகு எதுவுமே வரக் கூடாதா?

போய்ச் சேரும் இடத்துக்கு முன்னால் வரக் கூடாது. ஸ்டேஷன், சென்னை, முடிவு, உடன்பாடு எதுவானாலும் நேராக. கையை நீட்டி எட்டுவது என்ற பொருளில் ரீச் ஃபார் சரி, சுவிட்சுக்குக் கை நீட்டினான் என்பதுபோல. “தண்ணீர் முழங்கால் வரை வந்தது” என்று எல்லையைச் சொல்லும்போது ரீச்சுக்குப் பின் டு வருவதும் உண்டு. இந்த இரண்டைத் தவிர பயப்பட ஒன்றும் இல்லை.

“டிஸ்கஷன் அபவுட்” என்று வந்தால் அதையும் அடிக்க வேண்டுமா?

கூடாது. இந்தப் பகுதியில் மதிப்பெண் போகிற பெரிய ஓட்டை இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

மாலை வகுப்பு ஒன்றில் இருபது வாக்கியங்கள் கொடுத்துத் திருத்தச் சொன்னேன். ஒரு பெண் முதல் பத்தையும் சரியாகச் செய்திருந்தாள். பதினொன்றாவதிலிருந்து வரிசையாகத் தப்பு. தாளை வாங்கிப் பார்த்தபோது அபவுட் இருந்த இடமெல்லாம் சிவப்புப் பேனாவால் இரண்டு முறை கோடு போட்டிருந்தது, தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி. “அதைப் பற்றி நீண்ட விவாதம் நடந்தது” என்ற வாக்கியத்தில் டிஸ்கஷனுக்குப் பின்னால் இருந்த அபவுட்டையும் அடித்திருந்தாள். என்டருக்கு இன்டு கூடாது என்று என்ட்ரியின் பின்னால் இருந்த இன்டுவையும் அடித்திருந்தாள். விதியை அவள் நன்றாகவே படித்திருக்கிறாள். விதி வினைச்சொல்லுக்கு மட்டும் என்பதுதான் விட்டுப்போயிருந்தது.

பெயர்ச்சொல் ஆனதும் அந்தச் சொல்லால் செயப்படுபொருளை நேரடியாகத் தாங்க முடியாது. அதனால் உள்ளே இருந்த ப்ரெபோசிஷன் வெளியே வந்துவிடும். டிஸ்கஸ் எதையும் கேட்காது, டிஸ்கஷனுக்கு அபவுட் அல்லது ஆஃப் அல்லது ஆன் வேண்டும். என்டருக்கு வேண்டாம், என்ட்ரிக்கு இன்டு வேண்டும். மேரிக்கு வேண்டாம், மேரேஜுக்கு டு வேண்டும். எம்ஃபசைஸுக்கு ஆன் கூடாது, எம்ஃபசிஸுக்கு ஆன் வேண்டும்.

உருவம் மாறாத சொற்களில்தான் நன்றாக வழுக்கும். ரிக்வெஸ்ட், ஆர்டர், ஆன்சர், அப்ரோச், அட்டாக் எல்லாம் வினையாகவும் வரும், பெயராகவும் வரும். ரிக்வெஸ்ட் வினையாக வந்தால் ஃபார் கூடாது, “எ ரிக்வெஸ்ட்” என்று பெயராக வந்தால் ஃபார் வேண்டும். எப்படிக் கண்டுபிடிப்பது? முன்னால் ஏ, தி, ஹிஸ், ஹெர், தெயர் போன்ற சொல் இருந்தால் அது பெயர். ஒரு வாக்கியத்தில் “மேட் எ ரிக்வெஸ்ட் ஃபார்” என்று இருந்தால் தொடாதீர்கள். “ரிக்வெஸ்டட் ஃபார்” என்று இருந்து, கோரியவர் யார் என்று எழுவாய் முன்னால் நின்றால் அங்கேதான் பிழை.

ப்ரெபோசிஷன் வினைச்சொல்லுக்கு ஒட்டாமல் தள்ளி இருந்தால் கண்ணில் படுவதே இல்லை. என்ன செய்வது?

கடினமான கேள்விகள் இங்கேதான் எழுதப்படுகின்றன. மூன்று இடங்களில் ஒளித்துவைப்பார்கள்.

ஒன்று, நடுவில் ஒரு சொற்றொடரைச் செருகுவது. டிஸ்கஸ்டுக்குப் பிறகு “அட் லெங்த்” என்று போட்டுவிட்டு அபவுட்டை வைப்பார்கள். செருகியதை விரலால் மறைத்துப் படித்தால் இரண்டும் பக்கத்தில் வந்துவிடும்.

இரண்டாவது, கேள்வி வாக்கியத்தின் கடைசியில் வைப்பது. “வாட் டிட் யூ டிஸ்கஸ் அபவுட்?” என்று வந்தால் கடைசிச் சொல் மிகை. “வாட் டிட் யூ டாக் அபவுட்?” என்றால் சரி.

மூன்றாவது, விச் என்ற சொல்லுக்கு முன்னால் கொண்டுபோய் வைப்பது. ப்ரெபோசிஷன் முதல் பகுதியில், வினைச்சொல் இரண்டாம் பகுதியில்:

```
(A) The problems about which
(B) we discussed last week
(C) have not been solved yet.
(D) No error
```

“அபவுட் விச்” என்று பார்க்கும்போது இலக்கணமாகவும் கம்பீரமாகவும் தெரிகிறது, அதனால் பலர் நோ எரர் என்று போய்விடுகிறார்கள். உடைத்துப் பாருங்கள். கடந்த வாரம் நாங்கள் டிஸ்கஸ் செய்தோம், எதை? பிரச்சினைகளை. வாக்கியத்தை நேராக்கினால் “வீ டிஸ்கஸ்ட் அபவுட் தி ப்ராப்ளம்ஸ்” என்று ஆகிறது. பழைய பிழையே உருமாறி வந்திருக்கிறது. விடை A. இன் விச், டு விச், வித் விச் என்று எங்கே பார்த்தாலும் பின்னால் வரும் வினையோடு அந்த ப்ரெபோசிஷனை ஒட்டி நேர் வாக்கியமாக்கிப் பாருங்கள். “தி ஹவுஸ் இன்டு விச் ஹி என்டர்ட்” தப்பு, “இன்டு விச் ஹி வென்ட்” சரி.

செயப்பாட்டு வினையாக மாற்றிப் பார்ப்பதும் ஒரு நல்ல சோதனை. “திட்டம் டிஸ்கஸ் செய்யப்பட்டது” என்று ஆங்கிலத்தில் சொன்னால் அபவுட் இல்லாமலே நிற்கும். டாக் என்ற சொல்லை வைத்துச் சொன்னால் அபவுட் இல்லாமல் நிற்காது. ஆனால் ரிசெம்பிள், லேக் போன்றவை செயப்பாட்டு வினைக்கு வராதவை, அவற்றில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள்.

இந்த நான்கைத் தவிர வேறு எவை திரும்பத் திரும்ப வருகின்றன?

ரிசெம்பிள் டு, அவெய்ட் ஃபார், கம்ப்ரைஸ் ஆஃப், டிஸ்க்ரைப் அபவுட், இன்வெஸ்டிகேட் இன்டு, எம்ஃபசைஸ் ஆன், ஸ்ட்ரெஸ் ஆன், அக்கம்பனி வித், ஆர்டர் ஃபார். எல்லாவற்றிலும் இரண்டாவது சொல் மிகை. லுக் லைக், வெய்ட் ஃபார், கன்சிஸ்ட் ஆஃப், லுக் இன்டு என்று இவற்றுக்கும் ஜோடி உண்டு, அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கவனமாக இருக்க வேண்டியவை சில. லேக் வினையாக வந்தால் இன் வேண்டாம், “இஸ் லேக்கிங்” என்று வந்தால் இன் வேண்டும். அக்கம்பனி செயப்பாட்டில் வந்தால், கூட வந்த ஆளுக்கு முன்னால் பை வரும். அட்டெண்ட் கூட்டத்துக்கும் வகுப்புக்கும் தனியாக வரும், நோயாளியையோ ஒரு வேலையையோ கவனிப்பது என்றால் அட்டெண்ட் டு. ஆன்சர் கேள்விக்கும் கடிதத்துக்கும் தனியாக வரும், மேலதிகாரிக்குப் பதில் சொல்லும் பொறுப்பு என்றால் ஆன்சர் டு. ரிப்ளை மட்டும் டு இல்லாமல் கேள்வியைத் தொடாது, ஆன்சரோடு அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இரண்டு பகுதிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் விட்டுவிடலாமா, குறிக்கலாமா?

எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். முதல் கட்டத்தில் சரியான விடைக்கு 2 மதிப்பெண், தப்புக்கு 0.50 கழிப்பு. நான்கில் இரண்டை நியாயமான காரணத்தோடு நீக்கிவிட்டீர்கள் என்றால் குறிப்பதுதான் கணக்குப்படி லாபம். ஆனால் அந்த இரண்டில் ஒன்று நோ எரர் என்றால், முடிவெடுக்கும் முன் ஒரு தடவை வினைச்சொற்களை மட்டும் திரும்பப் படியுங்கள். ப்ரெபோசிஷன் பிழை கண்ணுக்குத் துருத்திக்கொண்டு தெரியாது, வாக்கியம் காதுக்கு இதமாகவே இருக்கும். என்டர், ரீச், டிஸ்கஸ், மேரி, அவெய்ட், ரிசெம்பிள் இவற்றில் ஒன்று உள்ளே இருந்து, அதன் செயப்படுபொருளுக்கு முன்னால் ஒரு சின்னச் சொல்லும் இருந்தால், நோ எரரைவிட அந்தப் பகுதிக்குத்தான் வாய்ப்பு அதிகம்.